சுமை மேலே போனால் வண்டிக்கு என்ன ஆகிறது?

குடோனில் ஓடும் ஃபோர்க்லிஃப்டுக்குச் சக்கரம் நான்கு. ஆனால் அது நிற்பது மூன்று புள்ளிகளில்தான். பின் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் மாட்டப்பட்டிருக்கும்; தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் ஆடும். ஆகவே பின்பக்கத்தில் வண்டியைத் தாங்குவது அந்த முளைதான். இரண்டு முன்சக்கரங்களையும் முளையையும் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பது நிலைப்பு முக்கோணம். வண்டியும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு இதற்குள் விழும்வரை வண்டி கவிழாது.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். வண்டியின் எடை 4,000 கிலோ. பின்னால் கனத்த எதிர் எடை இருப்பதால், அதன் ஈர்ப்பு மையம் முன் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஃபோர்க்கில் 2,500 கிலோ சுமை. அதன் மையம் முன் அச்சுக்கு 95 செ.மீ. முன்னால். முன் அச்சு தராசின் நடுமுள் போல, இருபக்கமும் எடை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்த மையம் முன் அச்சுக்கு வெறும் 19 செ.மீ. பின்னால் வந்துவிடுகிறது. முக்கோணத்தின் முன்விளிம்பு தொட்டுவிடும் தூரம்தான்.

இப்போது சுமையை நேராக 4 மீட்டர் உயர்த்துங்கள். அந்த 19 செ.மீ. மாறாது. ஆனால் கூட்டு மையத்தின் உயரம், சுமை தரையை ஒட்டி இருந்தபோது இருந்த 62 செ.மீ.யிலிருந்து 2.16 மீட்டராக ஏறிவிடும். வண்டி அசையாமல் நின்றால் ஒன்றும் ஆகாது. நகர்ந்தால்தான் வினை.

மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு பிரேக் போடுகிறோம். சுமை கீழே இருந்தால், ஏறத்தாழ ஒரு நொடிக்குள் நிறுத்தினால்தான் பின்சக்கரம் தூக்கும். சுமை மேலே இருந்தால், 3 நொடியில் மெதுவாக நிறுத்தினாலே தூக்கிவிடும்.

மாஸ்டை முன்னால் சாய்ப்பது இதைவிட மோசம். உயரத்தில் 6 டிகிரி சாய்த்தாலே சுமை 40 செ.மீ.க்கு மேல் முன்னே போகும். 19 செ.மீ. மிச்சம் இரண்டு, மூன்று செ.மீ. ஆகிவிடும். ஸ்டியரிங் லேசாகிப் பின்பக்கம் மிதப்பதுபோல் தெரிந்தால், அது கவிழப்போகும் அறிகுறி.

காலி வண்டி பத்திரம் என்று நினைக்க வேண்டாம். சுமை இல்லாதபோது மையம் பின்னால், முக்கோணம் குறுகும் இடத்துக்குப் போய்விடுகிறது. வேகமாகத் திரும்பினால் பக்கவாட்டில் புரளும்.

ஆகவே டிரைவர்களே, ஓட்டும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், மாஸ்ட் பின்னால் சாய்ந்து இருக்கட்டும். அடுக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திய பிறகே சுமையை உயர்த்துங்கள். வண்டி புரண்டால் குதிக்காதீர்கள். குதிப்பவர்மேல்தான் மேற்கூரை விழும். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து உள்ளேயே இருங்கள்.