எலி கடித்தது வயரை, பறிபோனது என்ஜின்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் நண்பரின் கார் அது. நாலு வருடம் ஆகாத பெட்ரோல் வண்டி. குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டதால் பத்து நாள் கீழ்த்தளத்தில் அப்படியே நின்றது. திரும்பி வந்த மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் கிளம்பினார். வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆனது. ஆனால் சிக்னலில் நின்றபோதெல்லாம் ஏசியில் வெறும் காற்றுதான் வந்தது. வண்டி நகர்ந்தால் மறுபடி குளிர்ந்தது. கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். செம்பாக்கம் நெரிசலில் மீட்டரில் சிவப்பு வெப்பமானி விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினார். சேலையூரை நெருங்கும்போது வண்டி இழுக்க முடியாமல் திணறி, கடகடவென்று சத்தம் போட்டு, நின்றுவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் காய்ந்த எலிப் புழுக்கை. பானட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு மெத்தை பிய்ந்து, பஞ்சு பஞ்சாக என்ஜின் மேல் கிடந்தது. மெக்கானிக் ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் வயர்க் கற்றையை டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று வயர்கள் துண்டாகியிருந்தன. முனைகள் பிசிறு பிசிறாக இருந்தன. அறுபடாமல் மிஞ்சிய வயரின் உறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள், உளியால் கீறினாற்போல். “இதுதான் சார் எலிப் பல்லு. கட்டிங் பிளேயரால வெட்டினா முனை நறுக்குனு இருக்கும். ஷார்ட் ஆகி எரிஞ்சிருந்தா உறை உருகி மணி மாதிரி திரண்டு நிக்கும். மூணும் வேற வேற” என்றார்.

எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அதனால் சாப்பிடவே முடியாது. ஓடி நின்ற என்ஜினின் சூடும், பானட்டுக்கு அடியில் உள்ள இருட்டும் அதற்குத் தோதான இடம். கைக்கு எட்டும் பதத்தில் மெத்தென்ற உறையோடு வயர் வேறு இருக்கிறது.

ஃபேன் வயர் போனால் என்ஜின் எப்படிப் போகும்? வண்டி ஓடும்போது முன்பக்கக் காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். அது சுற்றாவிட்டால் கூலன்ட் கொதிக்கும், அழுத்தம் ஏறி வெளியே தள்ளும். (ஏசியின் கண்டென்சரையும் குளிரவைப்பது அதே ஃபேன்தான் என்பதால், நின்றால் ஏசி சூடாவது முதல் எச்சரிக்கை. நண்பருக்கு அது கிடைத்தும் புரியவில்லை.) கூலன்ட் இல்லாமல் ஓடும் என்ஜினில் அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் நெளியும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் வெடித்து, கூலன்ட் எண்ணெயோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது எண்ணெய், பால் கூடிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. ஹெட்டைக் கழற்றி, அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, இடுக்கில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்தார் மெக்கானிக். 0.12 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனது. பெரும்பாலான கார்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நெளிவு இருக்கக் கூடாது.

எஸ்டிமேட் இரண்டு பகுதியாக வந்தது. வயரிங் ஹார்னஸ் 21,000 ரூபாய், அதை மாற்றக் கூலி 3,000. ஹெட், கேஸ்கட், மெஷின் வேலை, எண்ணெய், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 64,000. நண்பரிடம் இருந்தது முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி. (மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.) சர்வேயர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், வயருக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்தார். என்ஜின் கணக்கு முழுவதற்கும் எதிரில் ஒரே வார்த்தை: கான்சிக்வென்ஷியல் லாஸ். ஒன்றிலிருந்து கிளைத்த தொடர் இழப்பு என்பது பொருள்.

இந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் நாம் வாங்கும் கார் பாலிசிகளின் அடிப்படை வாசகம் பெரும்பாலும் 2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் எழுதப்பட்டதுதான். அது முதலில் எந்தெந்த ஆபத்துக்குப் பணம் என்று பட்டியலிடுகிறது: தீ, திருட்டு, வெள்ளம், கலவரம் இப்படி. அதில் எலி என்ற சொல்லே கிடையாது. ஆனால் ‘வெளியிலிருந்து வரும் விபத்து’ என்று ஒரு வரி உண்டு. எலி வெளியிலிருந்து வந்து, எதிர்பாராமல் செய்த சேதம் என்ற கணக்கில் கடிபட்ட வயர் இதற்குள் வந்துவிடுகிறது. அடுத்து, எதற்குக் கொடுக்க மாட்டோம் என்ற பட்டியல். அதன் முதல் வரியிலேயே தொடர் இழப்பு, தேய்மானம், இயந்திர அல்லது மின் பழுது எல்லாம் வரிசையாக நிற்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடர் இழப்பு என்ற சொல் இன்ஷூரன்ஸில் வழிவழியாகக் குறித்தது பண இழப்பை. வண்டி நின்றதால் டாக்ஸிக்குக் கொடுத்த பணம், டிரைவருக்குப் போன பத்து நாள் வருமானம், இதெல்லாம்தான். ஹெட் நெளிந்தது அப்படியல்ல. அது வண்டியின் உடம்பிலேயே நடந்த சேதம். அதையும் இந்தச் சொல்லுக்குள் தள்ளுவது கம்பெனிகளுக்கு வசதியான வாசிப்பு என்பது என் கருத்து. இந்த ஒரு சொல்லை வைத்து மட்டும் மறுத்தால் வாதாட இடம் இருக்கிறது.

கம்பெனியின் உண்மையான பலம் வேறொரு இடத்தில், யாரும் படிக்காத நிபந்தனைப் பகுதியில் இருக்கிறது. விபத்தோ பழுதோ ஏற்பட்ட பிறகு, தேவையான ரிப்பேர் செய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுக்க உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அந்த நிபந்தனை. நண்பரின் கிளெய்ம் விழுந்தது இதில்தான். சிவப்பு விளக்கு எரிந்தது செம்பாக்கத்தில், வண்டி நின்றது சேலையூரில். நடுவில் ஓடிய தூரத்தை எலி ஓட்டவில்லை என்று கம்பெனி சொன்னால், அதற்குப் பதில் இல்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய வழக்கு. தண்ணீரில் நின்ற வண்டியின் சீட்டுக்கும் வயருக்கும் பணம் வந்தது. அதே வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பிப் பார்த்தவர்களுக்கு, சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தபோது, என்ஜினுக்குப் பணம் மறுக்கப்பட்டது. அதன் பிறகு பலரும் ‘என்ஜின் ப்ரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பை வாங்கத் தொடங்கினார்கள். ஆனால் பல கம்பெனிகளில் அந்தக் காப்பின் வாசகம் தண்ணீர் புகுவதையும் எண்ணெய் ஒழுகுவதையும் பற்றித்தான் பேசுகிறது. அது இருக்கிறதே என்று எலி விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியாது. எலிக்கடி என்றோ கூலன்ட் இழப்பு என்றோ எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எல்லாக் கேஸும் நண்பருடையது போல இருப்பதில்லை. எலி கூலன்ட் ஹோஸைப் பாதி கொறித்து விட்டிருக்கிறது, ஹைவேயில் அழுத்தம் தாங்காமல் அது கிழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் திரவத்தில் இல்லாமல் வெற்றிடத்தில் நிற்கும். விளக்கு சரியான நேரத்துக்கு எரியாமலே போகலாம். எச்சரிக்கையே கிடைக்காதவர் ‘பழுது தெரிந்தும் ஓட்டினார்’ என்று ஆகாது. இப்படிப்பட்டவர் மறுப்பை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. மறுப்பை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சர்வேயர் எழுதியதே முடிவு என்றும் இல்லை. அது கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2009-இல் சொல்லியிருக்கிறது. எலி கடித்த வயர் உராய்ந்து தீப்பிடித்தாலும் கதை மாறும், தீ என்பது பாலிசியில் பெயர் சொல்லி எழுதப்பட்ட ஆபத்து.

நண்பருக்குக் கடைசியில் கிடைத்தது எவ்வளவு? ஹார்னஸை பிளாஸ்டிக் பொருளாகக் கணக்கிட்டு, தேய்மானம் என்று பாதி கழித்தார்கள்: 10,500. கூலி 3,000-க்குத் தேய்மானம் இல்லை. 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000. ஆக 12,500 ரூபாய். கையிலிருந்து போனது 75,500. வயருக்குள் இருப்பது செம்பு, அதை உலோகமாகக் கணக்கிட்டால் அவர் வண்டியின் வயதுக்கு 25 சதவீதம்தான் கழிக்க வேண்டும். அதை அவர் கேட்கவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. ‘ஜீரோ டெப்’ காப்பு எடுத்திருந்தால் அந்தக் கழிவே இருந்திருக்காது.

இன்னொரு நஷ்டம் அடுத்த புதுப்பிப்பில் வந்தது. கிளெய்ம் இல்லாமல் மூன்று வருடம் ஓட்டியதால் அவருக்கு 35 சதவீதம் போனஸ் தள்ளுபடி இருந்தது. அடுத்து 45 ஆகியிருக்கும். கிளெய்ம் செய்ததும் பூஜ்யம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால் அந்த வருடம் மட்டும் 3,600 கூடுதல், பிறகும் ஏணியின் அடியிலிருந்து ஏற வேண்டும். அதனால் ஒன்றிரண்டு வயர்தான் கடிபட்டிருக்கிறது, இரண்டாயிரத்தில் ஒட்டுப்போட்டுவிடலாம் என்றால் கிளெய்ம் செய்யாமல் கையிலிருந்து கட்டிவிடுவதே லாபம்.

எலியை விரட்டப் புகையிலை கட்டுவோர் உண்டு, நாப்தலின் உருண்டை போடுவோர் உண்டு. வாசனை காற்றில் போனதும் எலி திரும்பிவிடுகிறது. கீழ்த்தளத்தில் குப்பையும் சிந்திய சோறும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், என்ஜினுக்கு அடியில் கம்பி வலை அடிப்பதும், வண்டியை நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் இருப்பதும் அதைவிட மேல்.

சில நாள் நின்ற வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் தூக்கிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. புழுக்கை, பிய்ந்த பஞ்சு, நிறநிறமான வயர்த் துணுக்கு எதைக் கண்டாலும் சாவி போடாதீர்கள். எதையும் துடைக்காமல், தேதி விழும்படி படம் எடுங்கள். கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வண்டியை டோ செய்து கொண்டுபோங்கள். பல பாலிசிகளில் அதற்கு ரோடு உதவியும் இருக்கும். மாற்றிய பழைய வயரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் சர்வேயர் பார்க்கும்வரை வாங்கி வையுங்கள். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால், அலுவலகம் எத்தனை அருகில் இருந்தாலும், அங்கேயே ஓரம்கட்டி என்ஜினை நிறுத்திவிடுங்கள்.