முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு விரல் வலி

"எங்கே வலிக்குது?" என்று கேட்டால் இந்த வலி உள்ளவர் முட்டி முழுவதையும் தடவிக் காட்டுவதில்லை. ஒரே விரலைச் சில்லின் கீழ்முனையில் வைத்து அழுத்துவார். பிசியோதெரபிஸ்டுக்குக் கிடைக்கும் முதல் துப்பு அந்த விரல்தான்.

சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தடித்த தசைநாண் அங்கே தொடங்குகிறது. எகிறும்போதும் தரையிறங்கும்போதும் அது ஸ்பிரிங்போல் இழுபட்டு விடுபடுகிறது. 2005இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், முன்னணி வாலிபால் வீரர்களில் 100க்கு 45 பேருக்கும் கூடைப்பந்து வீரர்களில் 32 பேருக்கும் இந்த வலி இருந்தது.

கல்லூரி அணியின் அட்டாக்கர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். செமஸ்டர் விடுமுறையில் மூன்று வாரம் ஆட்டமே இல்லை. திரும்பியதும் போட்டிக்காக வாரம் ஆறு நாள் ஸ்மாஷ் பயிற்சி. இரண்டாம் வாரம் வலி வந்தது. உடல் சூடானதும் குறைந்துவிட்டதால் அவர் தொடர்ந்து ஆடினார். மறுநாள் காலை படி இறங்கும்போது சுருக்கென்றது. பிறகு இரண்டு வாரம் முழு ஓய்வு எடுத்தார். வலி போனது, ஆனால் தொடைத் தசையும் தசைநாணும் பழைய சுமைக்கான பழக்கத்தை இழந்தன. களத்தில் இறங்கிய மூன்றாம் நாளே வலி திரும்பியது.

இப்படிப்பட்டவருக்கு வேண்டியது அளந்து ஏற்றும் சுமை. முதலில் எகிறும் நாட்களைக் குறைக்க வேண்டும். ஜிம்மில் கால் நீட்டும் இயந்திரத்தில், முட்டியை மடக்கிய நிலையில் பெரும் எடையை அசையாமல் 45 விநாடி தாங்க வேண்டும். இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை. பலருக்கு இதிலேயே வலி சற்றுத் தணியும், எல்லோருக்கும் அல்ல. அடுத்த கட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் கனமான எடையை மிக மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். அது சிரமமில்லாமல் போன பிறகே இரு கால் துள்ளல், ஒற்றைக்கால் துள்ளல், கடைசியாக ஸ்மாஷ்.

எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது? தினமும் காலையில் சாய்பலகையில் ஒற்றைக்காலில் நின்று மெல்ல முட்டியை மடக்கி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். மூன்றுவரை பொறுக்கலாம். நேற்று 20 ஸ்மாஷ், இன்று காலை வலி 2 என்றால் அந்த அளவு சரி. 40 அடித்த மறுநாள் 5 என்றால் அடுத்த முறை 25க்கு இறங்க வேண்டும். எடைப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. எண்ணிக்கை, உயரம், நாட்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால் வலி எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

அவசரத்துக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை மறைக்கும். நாளடைவில் பலன் தேய்ந்துவிடும். முட்டி வீங்கினாலோ, 'டப்' என்ற சத்தத்துக்குப் பின் காலை நீட்ட முடியாமல் போனாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குச் சில்லுக்கு இன்னும் கீழே, கீழ்க்கால் எலும்பின் மேட்டில் வலித்தால் அது வேறு பிரச்சினை.

இந்தப் பயிற்சிக்குப் பல மாதங்கள் பிடிக்கும். முழு வேக ஆட்டத்துக்குத் திரும்பும்போதும் தொடக்கத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான். இடையில் ஒரு நாள் எடை, ஒரு நாள் ஓய்வு.