பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் எடுக்கல!

எங்கள் வீட்டு பெட்ரோல் காருக்கு எட்டு வயது. கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத தெரு. உப்புக் காற்றிலேயே நிற்கிறது. சில மாதங்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்து முனகும். நாலாவது தடவை, மனமிரங்கியது போலக் கிளம்பும்.

பேட்டரிக் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். 12.6 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி காட்ட வேண்டிய அளவு அதுதான். "வோல்ட் நல்லாத்தான் சார் இருக்கு, ஆனா வருஷமாயிடுச்சே" என்று புதியதை மாட்டி அனுப்பினார்கள். அதுவும் 12.6 காட்டியது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே முனகல்.

கோளாறைக் கண்டுபிடித்தவர் எங்கள் பகுதி ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அவர் கையில் இருந்ததும் சாதாரண மல்டிமீட்டர்தான். வித்தியாசம், அதை எங்கே வைத்தார், எப்போது பார்த்தார் என்பதில் இருந்தது.

வண்டி நிற்கும்போது பேட்டரியில் மீட்டர் வைப்பது, வீட்டுக் குழாயை மூடி வைத்துக்கொண்டு தண்ணீர் அழுத்தத்தைப் பார்ப்பது மாதிரி. குழாய்க்குள் எவ்வளவு துரு அடைத்திருந்தாலும், தண்ணீர் ஓடாதவரை அழுத்தம் முழுதாகவே தெரியும். திறந்து விட்டால்தான் சாயம் வெளுக்கும். மல்டிமீட்டர் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் இம்மியளவு. கேபிளில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தால்கூட அதற்குப் போதும், 12.6 காட்டிவிடும். ஆனால் சின்ன காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அவ்வளவு மின்சாரம் ஓடும்போதுதான் கேபிளில் உள்ள அரிப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, வழியில் எங்கெங்கே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் 'வோல்டேஜ் டிராப்' பார்ப்பது என்கிறார்கள்.

எலெக்ட்ரீஷியன் முதலில் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, செல்ஃப் சுற்றினாலும் இன்ஜின் கிளம்பாதபடி செய்தார். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்தார். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில்தான் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அது ஆம்பியர் துளையில் இருந்தால் மீட்டரே பேட்டரியை ஷார்ட் செய்துவிடும். நான் உள்ளே உட்கார்ந்து, அவர் சொல்லும்போதெல்லாம் நாலைந்து விநாடி மட்டும் சாவியைத் திருப்பினேன். மோட்டார் சூடாகாமலிருக்க ஒவ்வொரு முறைக்கும் இடைவெளி விட்டோம்.

செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11.0 வோல்ட் இருந்தது. அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே போகாமலிருந்தால் பேட்டரி பரவாயில்லை என்பது பொதுக் கணக்கு. அதே நேரத்தில் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 8.6 வோல்ட்தான். 2.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

அடுத்து அதைத் தேடினார். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மறு முள்ளை ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்தார். இரண்டுமே பாசிட்டிவ் பக்கம்தான் என்பதைக் கவனியுங்கள். கேபிள் சரியாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கக் கூடாது. 0.3 வோல்ட் வந்தது. அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு நெகட்டிவ் பக்கம். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் நடுவே பார்த்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2.1 வோல்ட்! 8.6, 0.3, 2.1 மூன்றையும் கூட்டினால் சரியாக 11.0. கணக்கு நேர்.

அந்த 2.1-ஐயும் துண்டு துண்டாகப் பிரித்தார். பேட்டரியின் ஈய முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்புக்கும் இடையே 0.05. கிளாம்ப்பிலிருந்து கேபிள் காரின் பாடியில் முடியும் இடம் வரை 0.1. பாடியிலிருந்து இன்ஜினுக்கு 1.95. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றினார். வெளியில் பார்க்க ஒழுங்காக இருந்த ஒயரின் லக்குக்குள் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். "ஓம் அளவில் வைத்து அந்த ஒயரை மட்டும் பார்த்திருக்கலாமே?" என்றேன். "அதுல சிக்காது சார். மீட்டர் ஒயருக்கே அதைவிட அதிக ஓம் இருக்கு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு ஆம்பியருக்கு 1.95 வோல்ட் தொலைகிறதென்றால், அந்த இணைப்பின் தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்குதான். சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைப் போலப் பத்து மடங்கு தடை இருக்கும். 'பீப்' சத்தமும் தாராளமாக வரும். அவ்வளவு சிறிய தடைதான் நூறு ஆம்பியர் ஓடும்போது சுமார் இருநூறு வாட்டை வெப்பமாக்கி வீணடித்தது. செல்ஃப் அடித்ததும் தொட்டால் அந்த இடம் சுட்டதற்குக் காரணம் அதுதான்.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, பாடியில் லக் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, புது எர்த் ஒயரை முறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினார். மறுபடி அளந்தபோது நெகட்டிவ் பக்க இழப்பு 0.15 வோல்ட்டாக இறங்கியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. சரிசெய்த பிறகு செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனையில் 11.0 இல்லை, 10.5-தான் இருந்தது, ஸ்டார்ட்டரிலோ 8.6 போய் 10 வோல்ட் வந்திருந்தது. முன்பு கெட்ட எர்த், மின்சாரத்தை ஓடவிடாமல் தடுத்ததால் பேட்டரிக்கு வேலையே குறைவு. அதனால் அதன் வோல்ட் உயர்ந்து தெரிந்தது. கோளாறே பேட்டரிக்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறது!

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மின்சாரம் ஓடினால்தான் இழப்பு தெரியும். பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடந்தால் கெட்ட கேபிள்கூட நல்ல எண் காட்டும். எனவே முதலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போதுமான வோல்ட் போயும் அது மெதுவாகச் சுற்றினால், பழுது மோட்டாரிலோ இன்ஜினிலோ இருக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற உயரழுத்தக் கேபிள்கள் பக்கம் இந்த மீட்டரோடு போகவே கூடாது.

அடுத்த முறை யாராவது "பேட்டரியை மாத்திடுங்க" என்றால், பணத்தை எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "செல்ஃப் அடிக்கும்போது எர்த் பக்கம் எவ்வளவு வோல்ட் விழுதுன்னு பார்த்தீங்களா?" பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.