எந்தக் கார் திருடுபோகிறது, ஏன்?

கார் திருட்டில் இரண்டு வகை உண்டு. சுலபமாகக் கிளம்பும் வண்டியை எடுத்து, ஆசை தீர ஓட்டிவிட்டு, எங்கேயாவது நிறுத்திவிட்டுப் போவது ஒன்று. குறிப்பிட்ட மாடலைத் தேடி வந்து, உதிரிபாகங்களாகப் பிரிப்பதற்கோ கன்டெய்னரில் ஏற்றி வெளிநாட்டில் விற்பதற்கோ கொண்டுபோவது இன்னொன்று. வாங்கப்போகும் மாடலுக்கு இவற்றில் எந்த ஆபத்து அதிகம் என்று தெரிந்துகொண்டால்தான், எந்தப் பாதுகாப்புக்குப் பணம் செலவழிப்பது என்று முடிவு செய்ய முடியும்.

முதல் வகைக்கு அமெரிக்காவில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2021 வரை அங்கே விற்ற பல கார்களில், குறிப்பாகச் சாவியைத் திருகி இயக்கும் குறைந்த விலை வேரியன்ட்களில், இம்மொபிலைசர் இல்லை. 2015 மாடல்களை எடுத்துக்கொண்டால், மற்ற நிறுவனங்களின் வண்டிகளில் 96 சதவீதத்தில் அது இருந்தது. இந்த இரண்டு நிறுவனங்களிலும் 26 சதவீதத்தில் மட்டுமே இருந்தது. மில்வாக்கி நகரத்துச் சிறுவர்கள் இதை முதலில் கண்டுகொண்டார்கள். 2022இல் டிக்டாக் வீடியோக்கள் வழியாக நாடு முழுவதும் பரவியது. பூட்டின் உருளையைப் பிடுங்கிவிட்டால், போன் சார்ஜ் செய்யும் கேபிளின் முனையே சாவிக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது.

இம்மொபிலைசர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அதற்குத் தனியாக பேட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சக்தி கொடுத்து, அதன் அடையாளக் குறியைப் படிக்கிறது. குறி பொருந்தாவிட்டால், பூட்டு திரும்பினாலும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி வண்டியை ஓடவிடாது. பிரிட்டனில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் அப்படியொரு சட்டம் இல்லை. அதனால் அதே நிறுவனத்தின் கார் கனடாவில் இந்தப் பாதுகாப்போடும், எல்லைக்கு இந்தப் பக்கம் அது இல்லாமலும் விற்பனையானது.

இதில் கார் வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேரியன்ட். 2018 ஹூண்டாய் எலான்ட்ராவைப் பழைய கார் சந்தையில் தேடும் ஓர் அமெரிக்கருக்கு ஒரே தோற்றத்தில் இரண்டு வண்டிகள் கிடைக்கலாம். ஒன்று சாவியால் இயங்குவது, விலை சற்றுக் குறைவு. மற்றது பட்டனை அழுத்தி இயக்குவது, அதில் இம்மொபிலைசர் உண்டு. மாடல் பெயரை மட்டும் வைத்துத் திருட்டுப் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். திருடனுக்கு இரண்டும் ஒன்றல்ல. முதல் வண்டியில் மிச்சமாகும் தொகை பிரீமியத்திலேயே கரைந்துவிடக்கூடும். சில ஊர்களில் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வகைக் கார்களுக்குப் புதிய பாலிசி கொடுப்பதையே நிறுத்தின. முன்பணம் கொடுக்கும் முன்பே, சரியான வேரியன்டையும் வண்டி நிற்கப்போகும் முகவரியையும் சொல்லி பிரீமியத்தைக் கேட்டுவிடுவது இதனால்தான் முக்கியம்.

2023இல் இரு நிறுவனங்களும் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவித்தன. அதைச் செய்துகொண்ட வண்டிகளில் திருட்டு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் அதற்கு வரம்பு உண்டு. ரிமோட் மூலம் பூட்டினால்தான் அந்தத் தடை விழிக்கும். தொழிற்சாலை அலாரமே இல்லாத அடிப்படை வேரியன்ட்களில் அதை ஏற்றவே முடியாது. அவற்றின் உரிமையாளர்களுக்கு ஸ்டீயரிங் பூட்டுதான் கிடைத்தது. திருத்தம் செய்த காரென்று தெரியாமல் வந்த திருடன் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போவதும் தொடர்ந்தது. அந்தச் செலவை இம்மொபிலைசரால் தடுக்க முடியாது. வெளியிலிருந்தே தெரியும் பளிச்சென்ற ஸ்டீயரிங் பூட்டு அந்த இடத்தில் கைகொடுக்கும்.

இரண்டாவது வகைத் திருட்டில் நிலைமை வேறு. இங்கே குறிவைக்கப்படும் கார்களில் நல்ல இம்மொபிலைசரே இருக்கும். சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறக்கும் வசதிதான் பலவீனம். வீட்டுக்குள் மேசைமேல் இருக்கும் சாவியின் சிக்னலை ஒருவன் கருவியால் பிடித்து, காருக்கு அருகில் நிற்கும் கூட்டாளிக்கு அனுப்புகிறான். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது. லண்டனில் ரேஞ்ச் ரோவர் வைத்திருந்தவர்கள் காப்பீடு கிடைக்காமல் திண்டாடியதற்கு இத்தகைய திருட்டுகளே பெரிய காரணம். அசையாமல் இருந்தால் சிக்னலை நிறுத்திக்கொள்ளும் சாவிகளும், சாவிக்கும் காருக்கும் இடையிலான தூரத்தைத் துல்லியமாக அளக்கும் சாவிகளும் பின்னர் வந்தன. ஒரே மாடலில் பழைய ஆண்டு, புதிய ஆண்டு வண்டிகளுக்கு இடையே தேர்வு செய்யும்போது, இந்த மாற்றம் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்பது பெரிய திரையைப் பற்றி விசாரிப்பதைவிடப் பயனுள்ளது.

டிராக்கர் திருட்டைத் தடுப்பதில்லை. திருடுபோன வண்டியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. சாதாரண டிராக்கர் செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தை அறிந்து, சிம் கார்டு வழியாகத் தகவல் அனுப்பும். அடித்தளப் பார்க்கிங்கிலும் இரும்பு கன்டெய்னரிலும் அது ஊமையாகிவிடலாம். ஜாமர் வைத்தும் அதை அடக்குகிறார்கள். தொழில்முறைத் திருடர்கள் வண்டியை எடுத்ததும் ஏதாவது ஒரு தெருவில் ஓரிரு நாள் நிறுத்திவைத்து, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பதும் உண்டு. டிராக்கருக்குப் பலன் கிடைப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஆகவே அதற்குச் சொந்த பேட்டரி இருக்க வேண்டும், சந்தா காலாவதியாகக் கூடாது, வண்டி நகர்ந்த உடனே உரிமையாளருக்கோ கண்காணிப்பு மையத்துக்கோ எச்சரிக்கை போக வேண்டும். சில மணி நேரத்தில் பிரித்துவிடக்கூடிய சிறிய காருக்கு இதன் பயன் குறைவு. கப்பலேறப் போகும் விலையுயர்ந்த எஸ்யூவிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இனி வண்டி நிற்கும் இடம். பூட்டிய ஷெட் இருப்பவருக்குச் சாவியில்லாக் கதவு வசதி பெரிய ஆபத்தில்லை. காரை நெருங்கவே திருடன் இன்னொரு பூட்டை உடைக்க வேண்டும். வீட்டு வாசலில் திறந்த இடத்தில் நிறுத்துபவருக்குத்தான் அந்த வசதி பாதகம், ஏனென்றால் சாவியும் காரும் சில மீட்டர் இடைவெளியிலேயே இரவெல்லாம் இருக்கின்றன. அவர் சாவியை உலோகம் பின்னிய பையில் போட்டுவைக்கலாம், அல்லது அமைப்பு மெனுவில் அந்த வசதியை அணைத்துவிடலாம். அடுக்குமாடியில் நான்காவது மாடியில் குடியிருந்து காரைத் தெருவில் விடுபவருக்கு, தூரம் காரணமாக சிக்னல் திருட்டு சற்றுக் கடினம். ஆனால் கண்ணாடி உடைப்பும் இம்மொபிலைசர் இல்லாத காரின் திருட்டும் அவருக்கே அதிகம் நேரும். அவர் தேர்வு முதலில் இம்மொபிலைசரிலிருந்து தொடங்க வேண்டும், டிராக்கர் அதற்குப் பிறகு.

பழைய காரில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்பதை விற்பவர் முன்னாலேயே சோதிக்கலாம். சாவியின் தலையை அலுமினியத் தாளால் பல சுற்று இறுக்கிச் சுற்றிவிட்டு வண்டியைக் கிளப்பிப் பார்த்தால், சிப் உள்ள பெரும்பாலான கார்கள் கிளம்பாது, அல்லது உடனே அணைந்து எச்சரிக்கை விளக்கைக் காட்டும். இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்க வேண்டும். திருட்டு இழப்பீடு கேட்கும்போது இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டையும் கேட்பது வழக்கம். ஒரு சாவி தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், அந்தச் சாவியின் குறியைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வண்டியைத் தெருவில் விடும் முன்பே சர்வீஸ் மையத்தில் அதைச் செய்து முடிக்க வேண்டும்.