வானத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்

ஒரு புகைப்படம். முழங்கால் அளவு வெள்ளம், சாம்பல் நிற வானம். "2015 டிசம்பர் 1, தாம்பரம்" என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. இடமும் நாளும் சரிதானா என்று பார்க்க அன்றைய வானிலைப் பதிவு உதவும். ஆனால் அதைப் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. பட்டியலில் இந்த அளவு டிசம்பர் 2-ஆம் தேதியில் இருக்கும். காரணம், இந்திய வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியை அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழையை அளந்த நாளின் பெயரில் எழுதுகிறது. டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டிய மழை மறுநாள் கணக்கில் சேர்வது இதனால்தான். இதை அறியாதவர் 1-ஆம் தேதி வரியை மட்டும் பார்த்துவிட்டு, உண்மையான படத்தையே பொய் என்று தள்ளிவிடுவார்.

ஒரு நாளின் மொத்த மழை, எந்த மணியில் பெய்தது என்பதைச் சொல்லாது. அதற்கு விமான நிலைய அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். மேகம், காற்று, பார்வைத் தூரம், மழை எல்லாம் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை அவற்றில் பதிவாகின்றன. அவற்றின் நேரம் உலகப் பொது நேரம். 0930Z என்றிருந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 3 மணி.

படத்தில் வானமும் தரையும் வெவ்வேறு காலத்தைக் காட்டுகின்றன. வானம் அந்தக் கணத்துக்குச் சாட்சி. கூர்மையான நிழல் விழுந்தால் அப்போது சூரியனை மேகம் மறைக்கவில்லை. தரையோ கடந்த சில மணி நேரத்தைச் சொல்லும். வெயிலில் தார்ச்சாலை விரைவில் காய்ந்துவிடும். பள்ளத்து நீரும் சுவரடி ஈரமும் நெடுநேரம் தங்கும். ஆகவே நீல வானத்தின் கீழ் குட்டைகள் தெரிந்தால் முரண்பாடு இல்லை. மழை ஓய்ந்த நேரத்தைத்தான் பதிவில் தேட வேண்டும். அடைமழை நாளின் நடுவே எடுத்ததாகச் சொல்லும் படத்தில் சாலையோர மண்ணும் புழுதியாகக் கிடந்தால், இடமோ நாளோ தவறு.

தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோடை இடிமழை ஒரு பேட்டையை நனைத்து அடுத்ததை விட்டுவிடும். பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்தின் பதிவு அங்கே பலவீனமான சாட்சி. 2015 டிசம்பர் மழை பல மாவட்டங்களில் பரவிப் பெய்ததால், மீனம்பாக்கத்துப் பதிவைத் தாம்பரத்துக்கு ஓரளவு நம்பலாம்.

ஆனால் அதே பரவலால்தான், நம் படம் பதிவோடு பொருந்துவது தாம்பரத்தை நிரூபிக்காது. அன்று காஞ்சிபுரத்திலும் திருவள்ளூரிலும் இதே வானம்தான். முந்தைய நவம்பரிலும் பல நாள் சென்னையில் இதே வெள்ளம். வானிலைப் பதிவு தவறான ஊகத்தை விலக்கும். எஞ்சிய ஊர்களில் எது என்பதைக் கடைப் பலகையும் கட்டடமும்தான் சொல்ல வேண்டும்.