அளவு நோட்டில் காணாமல் போன ஐம்பது பேர்

போன வருஷம் செமஸ்டர் லீவுக்கு பள்ளிப்பட்டு போயிருந்தேன். எங்க அத்தை அங்க பஜார் பக்கம் சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்காங்க. ஜாக்கெட், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ், கூடவே கொஞ்சம் ஜாக்கெட் பிட். ரெண்டு மெஷின். தெருவுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம், இந்தப் பக்கம் நகரிக்கும் திருத்தணிக்கும் போற பஸ் சத்தம். "முன்னாடி வந்தவங்க பாதிப் பேரு இப்ப வர்றதில்லடா. எல்லாரையும் கூப்பிடற மாதிரி ஒரு மெசேஜ் எழுதிக் குடு"னு கேட்டாங்க. நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே, பத்து நிமிஷ வேலைன்னு உட்கார்ந்தேன். பத்து நாள் ஆச்சு. அந்தப் பத்து நாள்ல கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல நான் எழுதினது இதுதான்: "அன்பான வாடிக்கையாளரே, உங்களை மிஸ் பண்றோம்! உடனே வாங்க, 20% தள்ளுபடி!" அத்தை படிச்சுட்டு, "இது செல்போன் கம்பெனிக்காரன் அனுப்புறது மாதிரி இருக்கு"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க. ஆனா உண்மையான தப்பு வார்த்தைல இல்ல. யாருக்கு அனுப்பப் போறோம்னே எனக்குத் தெரியல.

தையல் கடைல ஒரு பொக்கிஷம் உண்டு: அளவு நோட்டு. பேர், போன் நம்பர், தேதி, மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து எறக்கம் எல்லாம் அதுல இருக்கும். ரெண்டு வருஷ நோட்டை ஒரு ஷீட்ல ஏத்தினேன். 212 பேர்.

"ரொம்ப நாளா வராதவங்க" யாருன்னு எப்படிச் சொல்றது? ஆறு மாசம்னு ஒரு கோடு போடலாம்னு நினைச்சேன். அது தப்பு. ஒரு டீச்சர் அக்கா ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வருவாங்க. அவங்க மூணு மாசம் வரலைன்னாலே ஏதோ நடந்திருக்கு. இன்னொருத்தங்க தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவாங்க. பொங்கல் முடிஞ்சு எட்டு மாசம் வராம இருந்தா அது அவங்க வழக்கம். அவங்களுக்குப் போய் "ஏன் வரல?"ன்னு கேட்டா சிரிப்பாங்க. சராசரி இடைவெளி எடுத்தாலும் இவங்க விஷயத்துல ஏமாத்தும், ஏன்னா மூணு மாசமும் ஒன்பது மாசமும் கலந்து ஆறு மாசம்னு வரும். அதனால ஒவ்வொருத்தருக்கும் இதுவரைக்கும் இருந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவுன்னு பார்த்தேன். இப்ப இருக்கற இடைவெளி அதுல ஒன்றரை மடங்கைத் தாண்டினா, ஆள் காணாமப் போயிட்டாங்கன்னு கணக்கு.

```python
gap = (today - last_visit).days
if gap > 1.5 * longest_gap:
    print(name, gap)
```

இந்த ஒன்றரைக்கு தேற்றம் எதுவும் கிடையாது. அத்தைகிட்ட பட்டியலைக் காட்டி, "இவங்க நிஜமாவே நின்னுட்டாங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு வந்த எண். ஒரே ஒரு தடவை வந்தவங்க 71 பேர். அவங்களுக்கு இடைவெளின்னே ஒண்ணு இல்ல, பெரும்பாலும் கல்யாணத்துக்கு வந்து தச்சுட்டுப் போனவங்க. அவங்களைத் தனியா வச்சேன். 77 பேர் வழக்கம்போல வந்துட்டிருக்காங்க. மிச்சம் 64.

இந்த 64-ஐ அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினப்பதான் விஷயம் மாறிச்சு. மூணு பேர் கல்யாணமாகி சென்னைக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அத்தை இன்னொரு நோட்டை எடுத்தாங்க. பாக்கி நோட்டு. 64 பேர்ல 11 பேர் அதுலயும் இருந்தாங்க. ஒருத்தர் 120 ரூபா, ஒருத்தர் 350 ரூபா, அந்த மாதிரி. "இவங்க வராததுக்குக் காரணம் ரேட்டு இல்லடா. எதிர்ல பார்த்தா கேட்டுடுவாங்களோன்னு அந்தப் பக்கம் நடந்து போறாங்க."

எனக்கு இது புதுசு. மார்க்கெட்டிங் எலக்டிவ்ல வாடிக்கையாளர் போறதுக்கு விலை, தரம், போட்டின்னு படிச்சிருக்கோம், கூச்சம்னு யாரும் சொல்லலை. இந்த 11 பேருக்கு "வாங்க, சலுகை இருக்கு"ன்னு மெசேஜ் போனா, அது காசு கேக்கற மெசேஜாத்தான் தெரியும். அதனால அவங்களைப் பட்டியல்லேர்ந்து எடுத்தோம். அத்தை சாயங்கால நேரத்துல ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி ஊர்க்கதை பேசிட்டு, முடிக்கறப்ப "அது இருக்கட்டும்மா, வரும்போது பார்த்துக்கலாம், தீபாவளிக்குத் துணி எடுத்தா கொண்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. நாலு பேர் வந்தாங்க. மூணு பேர் கேக்காமலேயே பாக்கியைக் குடுத்தாங்க. எங்க மெசேஜ் எதுவும் இந்த அளவுக்கு வேலை செய்யலைங்கறதை இப்பவே சொல்லிடறேன்.

மிச்சம் 50 பேர். இவங்க திரும்பி வர ஒரு சின்னக் காரணம் வேணும். லைனிங் ஜாக்கெட் தைக்க அங்க 200 ரூபா. 20% தள்ளுபடின்னா கடைக்கு 40 ரூபா செலவு. ஒரு பழைய ஜாக்கெட்டைப் பிரிச்சு விடவோ பிடிச்சுத் தைக்கவோ வாங்கற கூலியும் அதே 40 ரூபாதான். ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. தள்ளுபடியை வாங்கணும்னா முதல்ல புதுத் துணி கையில இருக்கணும், 160 ரூபா செலவு பண்ண மனசு வரணும். டைட்டான ஜாக்கெட் எல்லார் வீட்டு பீரோலயும் ஏற்கெனவே இருக்கு. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு யாருக்கும் அதே அளவு இருக்காது. அதை எடுத்துட்டு கடைக்கு வந்தா, அளவு எடுக்கணும், நோட்டு புதுசாகும், பேச்சு வரும். இன்னொண்ணு, தள்ளுபடி குடுத்துப் பழக்கிட்டா அடுத்த தடவை தள்ளுபடி மெசேஜ் வர்ற வரைக்கும் தைக்காம காத்திருப்பாங்க. இலவச ஆல்ட்டரேஷனுக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க.

எப்போ அனுப்பறதுங்கறதும் முக்கியம். தீபாவளிக்கு முந்தின வாரம் அனுப்பினா, காசு குடுக்கற ஆர்டரை ஒதுக்கிட்டு இலவச வேலை பார்க்கற நிலைமை வரும். புரட்டாசில கல்யாணம் குறைவு, மெஷின் சும்மா இருக்கும், பின்னாடியே தீபாவளி வருது. அதனால புரட்டாசி பிறந்ததும் அனுப்பி, 15-ஆம் தேதியோட முடிச்சுக்கறதுன்னு முடிவாச்சு. கடைசில போன மெசேஜ் இது:

"வணக்கம் அக்கா, பள்ளிப்பட்டு பஜார் தையல் கடைலேர்ந்து பேசறேன். போன வருஷம் நீங்க தச்ச மெரூன் ஜாக்கெட் அளவு இன்னும் எங்க நோட்டுல இருக்கு. பழைய ஜாக்கெட் ஏதாவது டைட்டாவோ லூசாவோ இருந்தா எடுத்துட்டு வாங்க, ஒண்ணு காசில்லாம சரி பண்ணித் தரேன். புரட்டாசி 15 வரைக்கும். இந்த மாதிரி மெசேஜ் வேணாம்னா 'வேணாம்'னு மட்டும் போடுங்க."

அந்த மெரூன் ஜாக்கெட் ஆளுக்கு ஆள் மாறும், நோட்டுலேர்ந்து எடுத்தது. அதைப் பார்த்தாத்தான் இது தனக்கே வந்த மெசேஜ்னு தெரியும். "ஏன் வரல"ங்கற கேள்வி எங்கயும் இல்லைங்கறதைக் கவனிங்க. வீட்ல தெலுங்கு பேசறவங்க அந்தப் பக்கம் நிறைய. அவங்கள்ல சிலருக்கு அத்தையே தெலுங்குல வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க.

எஸ்எம்எஸ் ஏன் போகலைன்னு கேப்பீங்க. டிராய் 2018-ல கொண்டுவந்த விதிப்படி வியாபார எஸ்எம்எஸ் அனுப்பணும்னா டிஎல்டி தளத்துல கடையையும், அனுப்பற பேரையும், மெசேஜ் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். சொந்த நம்பர்லேர்ந்து மொத்தமா தட்டி விட்டா, யாராவது 1909-க்குப் புகார் பண்ணினா இணைப்பே போகலாம். ஐம்பது பேருக்கு இவ்வளவு தேவையில்ல. அது தவிர ஒரு எஸ்எம்எஸ்-ல 140 பைட்தான். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு 7 பிட், அதனால 160 எழுத்து. தமிழ்ல ஒரு யூனிகோடு குறிக்கு 16 பிட், அதனால 70 தான். அதுலயும் 'கொலு' நமக்கு ரெண்டு எழுத்து, மெஷினுக்கு நாலு குறி. மேல இருக்கற மெசேஜ் நாலஞ்சு எஸ்எம்எஸ்ஸா உடையும்.

அதனால வாட்ஸ்அப். அதுல ஒரு பொறி இருக்கு. பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினா, நம்ம நம்பரை சேவ் பண்ணியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு வருஷமா வராதவங்க போன்ல கடை நம்பர் இருக்குமா? ஒண்ணொண்ணா அனுப்பினோம்.

எல்லாருக்கும் அனுப்பலை. 50 பேரை `random.shuffle` போட்டுக் கலைச்சு, 25 பேருக்கு மட்டும் அனுப்பினோம். அத்தைக்கு இது புரியவே இல்ல. "மிச்சப் பேரு என்னடா பாவம் பண்ணாங்க?" தீபாவளி நெருங்குது, மெசேஜ் இல்லாமலேயே சில பேர் வருவாங்க. அவங்களையும் மெசேஜ் கணக்குல சேர்த்துட்டா நம்மளை நாமே ஏமாத்திக்கறோம்னு சொன்னேன். பட்டியலை அவங்க கையில குடுத்திருந்தா, வரக்கூடிய ஆளாப் பார்த்து அனுப்பியிருப்பாங்க. அதனாலதான் குலுக்கல்.

அனுப்பின அன்னிக்கே ஒரு பதில் வந்துச்சு. "அம்மா தவறி நாலு மாசம் ஆச்சுங்க." மகள் அனுப்பியிருந்தாங்க. அத்தைக்குத் தெரியாது, அவங்க வீடு கொஞ்சம் தள்ளி வேற கிராமம். இறந்தவங்க போன்ல போய், உங்க ஜாக்கெட் டைட்டா இருக்கான்னு கேட்டிருக்கோம். அத்தை மறுநாள் கடையைப் பூட்டிட்டு பஸ் ஏறிப் போய்ட்டு வந்தாங்க. நான் பட்டியலை அத்தைகிட்ட மட்டும்தான் வாசிச்சேன். சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து வர்ற பூக்கார அம்மாகிட்டயும் வாசிச்சிருந்தா இது நடந்திருக்காது. இப்ப அந்த வேலை முதல் படியா ஷீட்லயே இருக்கு.

மூணு வாரம் கழிச்சு எண்ணினோம். மெசேஜ் போன 25-ல 6 பேர் வந்தாங்க, போகாத 25-ல 2 பேர். ஆறு பேர்ல நாலு பேர் புது ஜாக்கெட்டும் குடுத்தாங்க, மொத்தம் 7 ஜாக்கெட், 1400 ரூபா. அந்த ரெண்டு பேர் 3 ஜாக்கெட், 600 ரூபா. வித்தியாசம் 800. ஆறு இலவச வேலைக்கு 240 போக 560 ரூபா. "மெசேஜால 1400 ரூபா வந்துச்சு"ன்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா உண்மையான எண் 560.

அதுவும் உறுதியில்ல. மெசேஜுக்கு எந்த சக்தியும் இல்லைன்னு வச்சுப்போம். ஐம்பது பேர்ல எப்படியும் வரப்போற 8 பேர், குலுக்கல்ல 6 பேரோ அதுக்கு மேலயோ தற்செயலா நம்ம பக்கம் விழ வாய்ப்பு எவ்வளவு? காம்பினேஷன் போட்டுப் பார்த்தா சுமார் 0.12. அதாவது நூத்துல பன்னிரண்டு தடவை சும்மாவே இப்படி நடக்கும். இதை அத்தைகிட்ட சொன்னேன். "அப்ப மிச்ச இருபத்தஞ்சு பேருக்கும் அனுப்பிப் பாரு"ன்னாங்க. அதுல ஏற்கெனவே வந்த ரெண்டு பேரைக் கழிச்சா 23. பொங்கல் கூட்டம் ஓஞ்சதும் தை கடைசில அனுப்பறதா இருக்கோம். பூக்கார அம்மாகிட்ட பட்டியலை வாசிச்சாச்சு, ஒரு பேரை அடிக்கச் சொன்னாங்க.