நாடகம் மேடையேற எத்தனை கிழமை?

விழா நாடகமொன்றின் வேலைகளையும், எது எதன்பின் வரவேண்டும் என்பதையும் முதலில் அட்டவணைப்படுத்துவோம்.

அ. நாடகம் எழுதுதல்: 2 கிழமை, முன்வேலை இல்லை
ஆ. நடிப்பு ஒத்திகை: 5 கிழமை; அ முடிந்தபின்
இ. உடைக்குத் துணி வாங்குதல்: 1 கிழமை, அ முடிந்தபின்
ஈ. உடை தைத்தல்: 2 கிழமை; இ முடிந்தபின்
உ. உடையுடன் முழு ஒத்திகை: 1 கிழமை, ஆ, ஈ முடிந்தபின்

ஒவ்வொரு வேலையையும் ஓர் அம்பாக வரைந்தால் வலையமைப்புக் கிடைக்கும். அ முடியுமிடத்தில் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று ஆ, மற்றையது இ, ஈ. அவை மீண்டும் கூடுமிடத்தில் உ தொடங்கும்.

இனி முன்னோக்கிக் கூட்டுவோம். ஆ முடிய 7 கிழமையாகும். ஈ முடிய 5 கிழமையே போதும். கூடுமிடத்தில் பெரிய எண்ணையே கொள்ளல் வேண்டும். ஆகவே உ, 7 கிழமை கழிந்தே தொடங்கி 8இல் முடியும்.

அடுத்து 8இலிருந்து பின்னோக்கிக் கழிப்போம். மிகப் பிந்தினாலும் ஈ 5இலும், இ 4இலும், ஆ 2இலும் தொடங்கியாக வேண்டும். பிரியுமிடத்தில் சிறிய எண்ணே செல்லும். எனவே அ 2இல் முடிந்தே தீரவேண்டும்.

ஒரு வேலை மிகப் பிந்தித் தொடங்கக்கூடிய காலத்திலிருந்து மிக முந்தித் தொடங்கக்கூடிய காலத்தைக் கழித்தால் வருவது மொத்த மிதவை. இ: 4 − 2 = 2. ஈ: 5 − 3 = 2. அ, ஆ, உ மூன்றுக்கும் அது 0. இவற்றுள் ஒன்று பிந்தினும் விழா பிந்தும்.

இங்கே பலர் இடறுவர். இ, ஈ இரண்டுக்கும் சேர்த்து 4 கிழமை ஓய்வு உண்டென எண்ணலாகாது. அந்த 2 கிழமை அப்பாதைக்குப் பொதுவானது. துணி வாங்குபவர் அதனைச் செலவழித்துவிட்டால், தையற்காரருக்கு ஒரு நாளேனும் மிஞ்சாது.